மேசையில் வென்றும் காசு கூடாதது ஏன்? போக்கரில் ரேக் என்னும் கழிவு

நான் சின்னவனாக இருந்த காலத்தில், களுவாஞ்சிகுடியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் காசுக்குக் கடுதாசி விளையாடுவார்கள். ஆறு பேர் வட்டமாக இருப்பார்கள். வீட்டுக்காரர் விளையாடமாட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், லாம்புக்கு எண்ணெய் விடுவார், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடுவில் குவிந்த காசிலிருந்து 10 ரூபாவை எடுத்து ஒரு பால்மா டின்னுக்குள் போடுவார். வென்றவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கை நிறைய அள்ளுகிற நேரத்தில் 10 ரூபா யாருக்குப் பெரிது?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அது பெரிது என்று தெரியும். ஆளுக்கு 1000 ரூபாவுடன் வந்தால் அந்த அறைக்குள் இருப்பது மொத்தம் 6000 ரூபா. மணித்தியாலத்துக்கு 25 ஆட்டம் என்றால் 8 மணித்தியாலத்தில் 200 ஆட்டம். டின்னுக்குள் 2000 ரூபா. விடியும்போது ஆறு பேரிடமும் சேர்த்து 4000 ரூபாதான் மிஞ்சும். ஒருவர் 1500 ரூபாவோடு எழும்பினால் மற்ற ஐவருக்கும் மிச்சம் 2500. அடுத்த நாள் ஊரில் “நேற்று யார் வென்றது?” என்று கேட்டால் அந்த ஒருவரின் பெயரைத்தான் சொல்வார்கள். டின்னை யாரும் சொல்வதில்லை.

இணையப் போக்கரில் அந்த டின்னின் பெயர் ரேக். மேசையை நடத்துகிற தளம் ஒவ்வொரு பொட்டிலிருந்தும், அதாவது நடுவில் சேர்ந்த காசிலிருந்தும், எடுத்துக்கொள்கிற கழிவு அது. தளத்துக்கு யார் வென்றாலும் ஒன்றுதான், ஏனென்றால் அது நம்மோடு விளையாடவில்லை. நாம் ஒருவரோடொருவர் விளையாடுகிறோம், அது வாடகை எடுக்கிறது. கசினோவில் சுழல்மேசைக்கு முன்னால் நிற்பவர் கசினோவுக்கு எதிராக விளையாடுகிறார். போக்கரில் அப்படியில்லை என்பதால்தான் திறமைசாலி நீண்ட காலத்தில் வெல்ல முடியும் என்கிறார்கள். அது உண்மை. ஆனால் எவ்வளவு திறமை வேண்டும் என்பதை ரேக்தான் தீர்மானிக்கிறது.

இதை எழுத வைத்தவன் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். எட்டு மாதமாக இரவில் போக்கர் விளையாடியவன், ஒருநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணே, நான் நல்லாத்தான் விளையாடுறன். மேசையில இருக்கிற ஆக்கள் எல்லாரையும் விட நான் கெட்டித்தனம் எண்டு எனக்கே விளங்குது. ஆனா 100 டொலர் போட்டன், இப்ப 97 டொலர் கிடக்கு. என்ன பிழை?”

நாங்கள் இரண்டு பேரும் இருந்து அவனுடைய கணக்கைப் பிரித்தோம்.

ஒரு கையில் எவ்வளவு போகிறது

அவன் விளையாடியது 5 சதம், 10 சதம் மேசை. போக்கரில் ஓர் ஆட்டத்தைக் கை என்பார்கள். ஒவ்வொரு கை தொடங்கும்போதும் இரண்டு பேர் கட்டாயமாகக் காசு வைக்க வேண்டும். சின்னதைச் சின்ன பிளைண்ட் என்றும் பெரியதைப் பெரிய பிளைண்ட் என்றும் சொல்வார்கள். இந்த மேசையில் அவை அமெரிக்கச் சதத்தில் 5, 10. முழுத் தொகையோடு உட்கார 10 டொலர், அதாவது 100 பெரிய பிளைண்ட் வேண்டும். ஆளுக்கு இரண்டு கடுதாசி கொடுத்ததும் முதல் சுற்றுப் பந்தயம் நடக்கும். பிறகு எல்லாருக்கும் பொதுவாக மூன்று கடுதாசி விரிப்பார்கள். அதுதான் புளொப்.

ஒவ்வொரு கை முடிந்ததும் தளம் ஒரு பதிவை எழுதி வைக்கும். அவனுடைய பதிவொன்றில் கடைசிப் பக்கம் இப்படி ஒரு வரி இருந்தது:

```
Total pot $4.00 | Rake $0.20
```

பொட் 4 டொலர், ரேக் 20 சதம், அதாவது 5 சதவீதம். பல தளங்களில் சின்ன மேசைகளில் இதைச் சுற்றித்தான் இருக்கும். “அஞ்சு சதவீதம்தானே” என்றான். இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். அந்த 4 டொலரில் பாதி அவனே வைத்த காசு. அவன் வென்ற காசு ஏறத்தாழ 2 டொலர்தான். அந்த 2 டொலரில் இருந்து 20 சதம் போகிறது என்றால், ஆதாயத்தில் போவது 10 சதவீதம். அடுத்த கையில் அதே அளவு தோற்றால் யாரும் அவனுக்கு 20 சதம் திருப்பித் தரப் போவதில்லை. தோற்கும்போது 2 டொலர் முழுதாகப் போகும், வெல்லும்போது 1 டொலர் 80 சதம் வரும். ஒன்று வென்று ஒன்று தோற்றால் சரிக்குச் சரி இல்லை, 20 சதம் நட்டம்.

இரண்டு விதிகளை இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பெரும்பாலான தளங்களில் புளொப் விரியாமலே கை முடிந்துவிட்டால் ரேக் எடுக்கமாட்டார்கள். நீங்கள் பந்தயத்தை உயர்த்த எல்லாரும் விலகிவிட்டால் அந்தச் சின்னப் பொட் முழுதாக உங்களுக்கு.

இரண்டாவது, ரேக்குக்கு உச்சவரம்பு உண்டு. பொட் எவ்வளவு பெருத்தாலும் அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் அது சின்ன மேசைக்காரருக்குப் பெரிதாக உதவாது. அவனுடைய மேசையில் உச்சவரம்பு 1 டொலர் என்று வைத்துக்கொள்வோம். இருவர் முழுத் தொகையையும் வைத்து மோதினால்தான் பொட் 20 டொலராகி அந்த வரம்பைத் தொடும். அப்போது போவது 1 டொலர், அதாவது 10 பெரிய பிளைண்ட். இப்போது 1 டொலர், 2 டொலர் பிளைண்ட் உள்ள மேசையில் அதே மோதலைப் பாருங்கள். பொட் 400 டொலர், உச்சவரம்பு 3 டொலர் என்றால் போவது ஒன்றரைப் பெரிய பிளைண்ட். கையும் ஒன்று, துணிவும் ஒன்று. ஆனால் சின்ன மேசைக்காரர் அளவுக்கு மிஞ்சிக் கட்டுகிறார். கற்றுக்கொள்ளுகிறவர்கள் உட்கார்கிற இடத்தில்தான் வாடகை ஆகக் கூட என்பது எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிற விஷயம்.

நூறு கைக்கு எத்தனை பிளைண்ட்

போக்கர் விளையாடுகிறவர்கள் டொலரில் பேசுவதில்லை. 100 கைக்கு எத்தனை பெரிய பிளைண்ட் வென்றோம் என்றுதான் பேசுவார்கள். எந்த மேசைக்கும் பொருந்துகிற அளவுகோல் அது. ரேக்கையும் அதே கோலால் அளக்கலாம்.

ஆறு பேர் இருக்கிற 10 சத மேசையில் 100 கைகளில் 60 கை புளொப்பைப் பார்க்கிறது, அந்தப் பொட்டுகளின் சராசரி 1 டொலர் 60 சதம் என்று வையுங்கள். மொத்தம் 96 டொலர் நடுவில் சேர்கிறது. அதில் 5 சதவீதம் 4 டொலர் 80 சதம், அதாவது 48 பெரிய பிளைண்ட். ஆறு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 8. ஆறு பேரும் ஒரே திறமை உள்ளவர்கள் என்றால் ஒவ்வொருவரும் 100 கைக்கு 8 பிளைண்ட், 80 சதம், நட்டப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரும் யாரையும் வெல்லவில்லை. டின் மட்டும் நிறைகிறது.

இது சராசரிதான். எல்லாக் கைக்குள்ளும் புகுகிறவர் கூடக் கட்டுவார், பொறுக்கி விளையாடுகிறவர் குறையக் கட்டுவார். ஆனாலும் எந்த விளையாட்டுக்காரரும் தனக்கு முன்னால் இருக்கிற தடையின் உயரம் ஏறத்தாழ 8 என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களை விட 8 பிளைண்ட் கெட்டித்தனமாக இருந்தால் கையில் மிஞ்சுவது பூச்சியம். 10 பிளைண்ட் என்றால் மிஞ்சுவது 2. இடையில் உள்ள வித்தியாசம் மிகச் சின்னது, அதன் விளைவு மிகப் பெரியது.

தம்பியின் கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்தியது. எட்டு மாதத்தில் 50,000 கை. கைப்பதிவுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துக் கூட்டுகிற மென்பொருளில் போட்டோம். ரேக்கைத் தனியாகக் காட்டும் ஒரு நிரல் அதில் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. மேசையில் அவனுடைய நிகர வரவு 103 டொலர் நட்டம். அவன் கட்டிய ரேக் 400 டொலர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ரேக் என்று ஒன்று இல்லாதிருந்தால் அவன் 297 டொலர் வென்றிருப்பான். 100 கைக்கு ஏறத்தாழ 6 பிளைண்ட். அதாவது அவன் சொன்னது பொய்யில்லை, அந்த மேசையில் அவன் மற்றவர்களை விட நல்ல விளையாட்டுக்காரன்தான். தடை 8, அவன் பாய்ந்தது 6.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவன் சொன்னான்: “அண்ணே, இது எங்கட ஆலை மாதிரி. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் குத்துகூலி மூட்டைக் கணக்குக்குத்தான். விவசாயிக்கு மிஞ்சுதோ இல்லையோ ஆலைக்கு வாறது வரும்.” நான் அரை மணித்தியாலம் விளக்கியதை அவன் அப்படி ஒரு வசனத்தில் முடித்தான்.

ஆனால் ஆலைக்கும் ரேக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குத்துகூலி கண்ணுக்கு முன்னால் எழுதப்படும். ரேக்கை அதிர்ஷ்டம் மூடி மறைத்துவிடும். ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 90 பிளைண்ட் அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது சாதாரணம். அதை வைத்துக் கணித்தால் 50,000 கைக்குப் பிறகும் அதிர்ஷ்டத்தால் மட்டும் ஏறத்தாழ 200 டொலர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆடியிருக்கலாம். எட்டு மாதம் விளையாடிய பிறகும் அவனுடைய உண்மையான திறமை 6 பிளைண்ட்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 4 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். ரேக் மட்டும் ஆடுவதில்லை. நல்ல மாதத்திலும் கெட்ட மாதத்திலும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் வென்ற மாதத்தில் “நான் கெட்டிக்காரன்” என்றும் தோற்ற மாதத்தில் “காட்ஸ் வரவில்லை” என்றும் நினைத்துக்கொண்டு, மாறாமல் நடந்த ஒன்றைக் காணாமல் விட்டுவிடுகிறோம்.

ரேக் தெரிந்தால் விளையாடுகிற விதமும் மாறும். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒருவர் இரண்டரைப் பிளைண்டுக்கு உயர்த்துகிறார், சின்ன பிளைண்ட் விலகிவிட்டது, நீங்கள் பெரிய பிளைண்டில் இருக்கிறீர்கள். தொடர்வதற்கு இன்னும் ஒன்றரை வைக்க வேண்டும், பொட் ஐந்தரை ஆகும். ஒன்றரையை ஐந்தரையால் பிரித்தால், உங்கள் கைக்கு 27.3 சதவீத வாய்ப்பு இருந்தால் சரிக்குச் சரி. ஆனால் அந்த ஐந்தரையில் 5 சதவீதம் டின்னுக்குப் போனால் கிடைக்கக்கூடியது 5.225 தான். இப்போது 28.7 சதவீதம் வேண்டும். பின்னால் வருகிற பந்தயங்களிலும் இதே கழிவு இருக்கிறது. ஆகவே ரேக் கூடின மேசையில், “போட்டுப் பார்ப்போம்” என்று தொடர்கிற அரைகுறைக் கைகளில் ஒரு பங்கு நேராக நட்டக் கைகளாகிவிடும். விலகுவது, அல்லது மீண்டும் உயர்த்திப் புளொப்புக்கு முன்பே முடிக்கப் பார்ப்பது, இந்த இரண்டுக்கும் மதிப்புக் கூடும்.

திரும்பி வருகிற பங்கு

கட்டிய ரேக்கில் ஒரு பங்கைத் தளம் திருப்பித் தருவதுதான் ரேக்பேக். தம்பியின் தளத்தில் 25 சதவீதம். 400 டொலர் கட்டியவனுக்கு 100 டொலர் திரும்பி வந்தது. மேசையில் 103 நட்டம், ரேக்பேக்கில் 100 வரவு, ஆக 3 டொலர் நட்டம். 97 டொலர் எப்படி வந்தது என்ற கதை இதுதான்.

பிளைண்ட் கணக்கில் பார்த்தால் 8 இன் காற்பங்கு 2. தடை 8 இலிருந்து 6 ஆகக் குறைகிறது. 10 பிளைண்ட் கெட்டிக்காரர் ஒருவர் அதே 50,000 கையில் மேசையில் 100 டொலர் வெல்வார், ரேக்பேக்கில் இன்னொரு 100 டொலர் எடுப்பார். அவருடைய வருமானத்தில் பாதி ரேக்பேக். சின்ன மேசைகளில் வெல்கிறவர்கள் என்று சொல்லப்படுகிற பலரின் நிலை இதுதான். ரேக்பேக் இல்லாத தளத்தில் அதே ஆள் அதே விளையாட்டை விளையாடி அரைவாசிதான் எடுப்பார்.

இந்த இடத்தில் நேரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தினேன். நான்கு மேசையை ஒன்றாகத் திறந்து மணித்தியாலத்துக்கு 300 கை விளையாடினாலும் 50,000 கைக்கு 167 மணித்தியாலம் வேண்டும். அந்த நல்ல விளையாட்டுக்காரரின் 200 டொலர் என்பது மணித்தியாலத்துக்கு 1 டொலர் 20 சதம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 360 ரூபா. அதுவும் அட்டை மூலம் காசு போடும்போதும் எடுக்கும்போதும் நாணயம் மாற்றுகிற கழிவு போக முன்னம். இதை நம்பி யாராவது வேலையை விட நினைத்தால், இந்த எண்ணை ஒருமுறை தன் கையால் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சாரக் கேட்டுக்கொள்கிறேன்.

விளம்பரத்தில் காட்டுகிற சதவீதமும் கைக்கு வருகிற சதவீதமும் ஒன்றல்ல. முதலில், “நீங்கள் கட்டிய ரேக்” என்பதைத் தளம் எப்படிக் கணிக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய முறையில் மேசையில் கடுதாசி வாங்கிய எல்லாருக்கும் ரேக்கைச் சமமாகப் பிரித்து எழுதினார்கள். 20 சத ரேக்கில், உடனே விலகியவருக்கும் 3 சதத்துக்குக் கொஞ்சம் கூட எழுதப்படும். பொறுக்கி விளையாடுகிறவர்களுக்கு அது வாய்ப்பாக இருந்தது. இப்போது பல தளங்கள் பொட்டுக்குள் யார் எவ்வளவு வைத்தார்களோ அந்த விகிதத்தில்தான் எழுதுகின்றன. அந்த 4 டொலர் பொட்டில் பாதி உங்களுடையது என்றால் உங்கள் பெயரில் 10 சதம், அதில் 25 சதவீதம் இரண்டரைச் சதம். விலகியவருக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது, போனஸ் என்ற பெயரில் வருகிற ரேக்பேக். “100 டொலர் போனஸ்” என்று இருக்கும். உள்ளே பார்த்தால், 20 டொலர் ரேக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் 5 டொலராக விடுவிக்கப்படும், 60 நாளில் காலாவதியாகும் என்று இருக்கும். அதுவும் 25 சதவீதம்தான். ஆனால் தம்பி மாதத்துக்கு 50 டொலர் ரேக் கட்டுகிறவன். 60 நாளில் 100 டொலர் கட்டுவான், 25 டொலர் எடுப்பான், மிச்சம் 75 டொலர் ஒருபோதும் அவனுடையதாக இருந்ததில்லை. முழுவதையும் எடுக்க 400 டொலர் ரேக் கட்ட வேண்டும். அதற்காக இரவிரவாக விளையாடத் தொடங்கினால் என்ன நடக்கும்? நான்கு மேசைக்குப் பதிலாக எட்டு மேசை திறப்பான், ஒவ்வொரு முடிவுக்கும் நேரம் பாதியாகும். 6 பிளைண்டாக இருந்த கெட்டித்தனம் 3 ஆக விழுந்தால், 2 பிளைண்ட் ரேக்பேக்கைத் துரத்தி 3 பிளைண்டை இழந்தவனாவான். படிநிலை வைத்து, மேல்படிக்குப் போனால் சதவீதம் கூடும் என்று சொல்கிற திட்டங்களிலும் இதே பொறிதான்.

இன்னொன்று, ரேக்பேக் ஒரு வாக்குறுதி. தளம் நினைத்தால் மாற்றலாம். 2015 இல் போக்கர்ஸ்டார்ஸ் என்னும் இணையப் போக்கர் தளம் தன் உச்சப் படியான சூப்பர்நோவா எலைட்டின் சலுகைகளை 2016 இலிருந்து குறைப்பதாக நவம்பரில் அறிவித்தது. அந்தப் படியை எட்ட ஓராண்டில் 10 இலட்சம் புள்ளி சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டும் சலுகை தொடரும் என்று நம்பி ஆண்டு முழுக்க ரேக் கட்டியவர்கள் டிசம்பரில் மேசைகளில் உட்கார்ந்து விளையாடாமல் இருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். மேசையில் வெல்லாமல் ரேக்பேக்கில் மட்டும் உயிர்பிழைத்தவர்களுக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் வருகிறது என்று அறிய ஒரே வழிதான். ஒரு காலப்பகுதியில் கைக்கு வந்த காசை, அதே காலத்தில் கட்டிய ரேக்கால் பிரியுங்கள். காசுக்குப் பதிலாகப் போட்டி நுழைவுச்சீட்டாக வந்ததை, அதைப் பாவித்து எடுத்த காசாக மாறும் வரை கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சுற்றுப்போட்டியில் ரேக் இல்லையா?

இவ்வளவும் கேட்டபிறகு தம்பி கேட்டது: “அப்ப அண்ணே, சுற்றுப்போட்டிக்குப் போனா என்ன? அங்க பொட்டில ஒண்டும் எடுக்கிறல்லயே.” எடுப்பதில்லைதான். வாசலிலேயே எடுத்துவிடுகிறார்கள். போட்டிப் பட்டியலில் இப்படி இருக்கும்:

```
$10 + $1
```

10 டொலர் பரிசுத் தொகைக்கு, 1 டொலர் தளத்துக்கு. 100 பேர் சேர்ந்தால் பரிசுத் தொகை 1000 டொலர், கட்டணம் 100 டொலர். எல்லாரும் சம திறமை என்றால் ஒவ்வொருவரும் 11 டொலர் கட்டிச் சராசரியாக 10 டொலர் திரும்ப எடுப்பார்கள், அதாவது கட்டியதில் 9 சதவீதத்துக்குச் சற்றுக் கூட நட்டம்.

இப்போது மற்றவர்களை விட 15 சதவீதம் நன்றாக விளையாடுகிற ஒருவரை எடுப்போம். பரிசுத் தொகையிலிருந்து அவர் சராசரியாக 11 டொலர் 50 சதம் எடுப்பார். கட்டியது 11. ஆதாயம் 50 சதம். அதே போட்டி 10 டொலரும் 50 சதமும் என்று இருந்தால் ஆதாயம் 1 டொலர். கட்டணத்தில் அரை டொலர் குறைந்தால் ஆதாயம் இரண்டு மடங்கு. ஒரு வருடம் படித்துத் திறமையை 15 இலிருந்து 20 ஆக்கினால் கிடைக்கிற அதே ஆதாயம், பட்டியலில் கட்டணத்தைப் பார்த்துத் தெரிவு செய்தாலே கிடைக்கிறது.

வேகமான போட்டிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு, அதைப் பார்த்துப் பலர் ஓடுவார்கள். ஆனால் அங்கே பிளைண்ட் வேகமாக ஏறுவதால் யோசித்து விளையாட இடம் குறைவு. 15 சதவீதக் கெட்டித்தனம் அங்கே 6 ஆகச் சுருங்கலாம். 10 டொலர் 50 சதம் கட்டி 10 டொலர் 60 சதம் எடுப்பவருக்கு மிஞ்சுவது 10 சதம். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு மூன்று முறை வாசற்காசு கட்டுவதையும் மறக்கக்கூடாது.

மீள்நுழைவு உள்ள போட்டியில் வெளியேறிய பிறகு திரும்பவும் சேரும்போது பரிசுப் பங்கோடு கட்டணத்தையும் மீண்டும் கட்டுகிறீர்கள். இரண்டு முறை நுழைந்தவர் 22 டொலர் கட்டியவர், அதில் 2 டொலர் டின்னுக்கு. கோபத்தில் மூன்றாம் முறை நுழைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒழுங்கை வீட்டு விடியற்காலைதான் நினைவுக்கு வரும்.

சில வேளை கட்டணம் தலைகீழாகவும் மாறும். தளம் 1500 டொலர் பரிசு உறுதி என்று அறிவித்துவிட்டு 120 பேர்தான் வந்தால், சேர்ந்தது 1200. மிச்சம் 300 டொலரைத் தளம் தன் கையிலிருந்து போட வேண்டும். 120 டொலர் கட்டணம் எடுத்தும் விளையாடுகிறவர்களுக்கு மொத்தத்தில் 180 டொலர் கூடுதலாகக் கிடைக்கிறது. பதிவு மூடப் போகிற நேரத்தில் சேர்ந்தவர் எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியும். அப்படிப்பட்ட போட்டி தினமும் கிடைக்காது.

சுற்றுப்போட்டியில் கணக்குப் பார்ப்பது இன்னும் கடினம். அந்த 50 சத ஆதாயக்காரர் 500 போட்டி விளையாடினால் எதிர்பார்க்கக்கூடியது 250 டொலர். 1000 டொலர் பரிசுத் தொகையில் முதல் பரிசு ஏறத்தாழ அந்த அளவுதான் இருக்கும். அதாவது 500 போட்டியின் ஆதாயம் முழுவதும் ஒரேயொரு முதல் பரிசுக்குச் சமம். கடைசிக் கையில் ஒரு கடுதாசி மாறி விழுந்தால் அவர் தன்னைத் தோற்றவர் என்று நினைப்பார், விழாவிட்டால் பெரிய ஆள் என்று நினைப்பார். கட்டணம் மட்டும் இரண்டு கதையிலும் 500 டொலர்.

தம்பி சுற்றுப்போட்டிக்குப் போகவில்லை. அதே 10 சத மேசையிலேயே மேசை எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தான், அரைகுறைக் கைகளோடு பெரிய பிளைண்டில் தொடர்வதை நிறுத்தினான். ஆலையில் பாவித்து மிஞ்சிய ஒரு கணக்குக் கொப்பியில் மூன்று பத்தி கீறி வைத்திருக்கிறான்: மேசை, ரேக், ரேக்பேக். போன மாதம் 12,000 கை. மேசையில் 9 டொலர் நட்டம், கட்டிய ரேக் 88 டொலர், திரும்பி வந்தது 22 டொலர். ஆக 13 டொலர் ஆதாயம். “இது நல்ல மாதமா அண்ணே?” என்று கேட்டான். 12,000 கையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் ரேக்குக்கு முன்னால் 79 டொலர், 100 கைக்கு ஆறரைப் பிளைண்ட், 100 கைக்குக் கட்டிய ரேக்கும் 8 இலிருந்து ஏழேகாலுக்கும் ஏழரைக்கும் இடையே இறங்கியிருக்கிறது என்று காட்டினேன். கொப்பியில் அந்த நடுப் பத்தியின் ஓரத்தில் அவன் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டான்.